மீதி பூச்சியம் வந்தால் என்ன செய்வது?

போன வாரம் ஒரு பயிற்சித்தாளைத் திருத்திக்கொண்டிருந்தோம். கணித ஒலிம்பியாடுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்காக நாமே தயாரித்த தாள். அதில் ஒரு வினாவுக்கு இரண்டு பகுதிகள் இருந்தன. முதலாவது, 7²⁰²⁴ இன் கடைசி இலக்கம் என்ன? இரண்டாவது, 2²⁰²⁴ இன் கடைசி இலக்கம் என்ன?

தரம் 9 பிள்ளை ஒருவர் இப்படிச் செய்திருந்தார். 2024 ஐ 4 ஆல் வகுத்தால் 506, மீதி 0. ஆகவே 7²⁰²⁴ இன் கடைசி இலக்கமும் 7⁰ இன் கடைசி இலக்கமும் ஒன்று. 7⁰ = 1. விடை 1. அடுத்த பகுதிக்கும் அதே செய்கைதான். மீதி 0. 2⁰ = 1. விடை 1.

முதலாவதற்குச் சரி போட்டோம். இரண்டாவதற்குப் பிழை போட்டோம். தாளைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தப் பிள்ளை நேரே மேசைக்கு வந்துவிட்டார்.

"சேர், ரெண்டையும் ஒரே மாதிரித்தான் செய்தேன். ஒன்டு சரி, மத்தது பிழை. எப்படி சேர்?"

"மீதி பூச்சியம் வந்தா 0 போடக்கூடாது மகள், 4 போடணும்" என்றோம். இதைத்தான் எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறோம்.

"அப்ப முதலாவதுக்கு 0 போட்டும் சரியா வந்திச்சே சேர்?"

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் தடுமாறினோம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வகுப்பு முடிய மணி அடித்தது எமக்கு வசதியாகப் போய்விட்டது. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. "0 வந்தால் 4 போடு" என்று மனப்பாடமாகக் கொடுத்ததுதான் எமது பிழை என்று இப்போது நினைக்கிறோம். ஏன் அப்படி நினைக்கிறோம் என்பதை எழுதத்தான் இந்தப் பதிவு. கணிதம் படிப்பிக்கும் நண்பர்களும், பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்கும் பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள். பேனையும் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலில் அடிப்படை. 2²⁰²⁴ என்பது 600 க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண். அதை யாரும் எழுதப் போவதில்லை. ஆனால் கடைசி இலக்கம் மட்டும் வேண்டுமென்றால் முழு எண்ணும் தேவையில்லை. 3746 ஐ 2 ஆல் பெருக்கும்போது கடைசியில் என்ன வரும் என்பதை 6 மட்டும்தான் தீர்மானிக்கிறது. 374 என்ற முன்பகுதி பத்துக்களாகவே இருக்கிறது, எதனால் பெருக்கினாலும் அது பத்துக்களாகவே இருக்கும், ஒன்றினிடத்துக்கு இறங்கி வராது. எனவே ஒவ்வொரு முறையும் கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடலாம்.

அப்படிச் செய்தால் 2 இன் வலுக்கள் 2, 4, 8, 6, 2, 4, 8, 6 என்று போகின்றன. 7 இன் வலுக்கள் 7, 9, 3, 1, 7, 9, 3, 1 என்று போகின்றன. கடைசி இலக்கமாக வரக்கூடியவை பத்துத்தான் இருப்பதால் எங்கோ ஓரிடத்தில் ஏற்கெனவே வந்த இலக்கம் திரும்ப வந்தே ஆக வேண்டும். வந்துவிட்டால் அதற்குப் பிறகு நடப்பதும் முன்னர் நடந்ததுதான், ஏனென்றால் அடுத்த இலக்கத்தைத் தீர்மானிப்பது இப்போதுள்ள இலக்கம் மட்டுமே. சுற்று உருவாவதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

இந்த இரண்டு சுற்றுகளையும் எழுதி வைத்தாலே அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அரைவாசி விடை கண்ணுக்குத் தெரிகிறது. 7 இன் சுற்றில் 1 இருக்கிறது. 2 இன் சுற்றில் 1 இல்லை. மீதி 0 என்றால் சுற்று மிச்சமில்லாமல் முடிந்துவிட்டது, நாம் நிற்பது சுற்றின் கடைசி இடத்தில் என்று பொருள். 7 க்குக் கடைசி இடம் 1. 2 க்குக் கடைசி இடம் 6. ஆகவே 2²⁰²⁴ முடிவது 6 இல். 2 ஐ 2 ஆல் பெருக்கிக்கொண்டே போனால் வருவதெல்லாம் இரட்டை எண்கள். அது 1 இல் முடிய வழியே இல்லை. விடையை எழுதிய பிறகு இந்த ஒரு விடயத்தைப் பார்த்திருந்தாலே பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்கும். நாமும் அப்படிப் பார்க்கப் பழக்கவில்லை.

மற்ற அரைவாசிதான் முக்கியம். 7 ஏன் 1 க்குத் திரும்பி வருகிறது? 2 ஏன் வருவதில்லை?

வகுப்பில் இதை இப்படிச் செய்து பார்த்தோம். வெண்பலகையில் 0 முதல் 9 வரை வட்டமாக எழுதி, ஒவ்வொன்றையும் 7 ஆல் பெருக்கினால் கடைசி இலக்கம் எதற்குப் போகிறதோ அதற்கு ஓர் அம்புக்குறி போடச் சொன்னோம். 1 இலிருந்து 7 க்கு, 7 இலிருந்து 9 க்கு, 9 இலிருந்து 3 க்கு, 3 இலிருந்து 1 க்கு. 2 இலிருந்து 4 க்கு, 4 இலிருந்து 8 க்கு, 8 இலிருந்து 6 க்கு, 6 இலிருந்து 2 க்கு. 5 தனக்குத்தானே, 0 தனக்குத்தானே. போட்டு முடிந்ததும் ஒரு பையன் கவனித்துச் சொன்னார், ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரேயொரு அம்புதான் வந்து சேர்கிறது என்று. அதுதான் விடயம். 7 ஆம் வாய்ப்பாட்டில் 0 முதல் 9 வரை பெருக்கினால் கடைசி இலக்கங்கள் பத்தும் வேறு வேறாக வருகின்றன. எந்த இரண்டும் ஒரே இடத்தில் போய் மோதுவதில்லை.

இப்போது 1 இலிருந்து (அதாவது 7⁰ இலிருந்து) நடக்கத் தொடங்குங்கள். எங்கோ ஓரிடத்தில் ஏற்கெனவே மிதித்த இலக்கத்தை மிதிக்க வேண்டும் என்று பார்த்தோம். அது 9 ஆக இருக்க முடியுமா? 9 க்கு வரும் பாதை ஒன்றே ஒன்று, அது 7 இலிருந்து. அப்படியானால் 9 க்கு முன்னரே 7 இரண்டாம் தடவை மிதிபட்டிருக்க வேண்டும். 7 க்கு வரும் பாதை 1 இலிருந்து மட்டும். ஆகவே அதற்கு முன்னரே 1 மிதிபட்டிருக்க வேண்டும். எந்த இலக்கத்தைச் சொன்னாலும் பின்னால் இழுத்துக்கொண்டே போய் 1 இல்தான் நிற்கும். முதன்முதலில் திரும்ப வரும் இலக்கம் புறப்பட்ட 1 தான், வேறொன்றாக இருக்க முடியாது.

2 க்கும் அதே படத்தைப் போடுங்கள். 1 இலிருந்து 2 க்கு. 6 இலிருந்தும் 2 க்கு, 6 × 2 = 12 அல்லவா? 2 இலிருந்து 4 க்கு, 7 இலிருந்தும் 4 க்கு. 3 இலிருந்தும் 8 இலிருந்தும் 6 க்கு. ஒவ்வோர் இரட்டை இலக்கத்துக்கும் இரண்டு அம்புகள் வருகின்றன. ஒற்றை இலக்கங்களுக்கு ஒன்றுகூட வருவதில்லை. ஊரில் சுற்றுவட்டம் ஒன்றும் அதற்குள் வந்து சேரும் ஒருவழிப் பக்கத்தெரு ஒன்றும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1 நிற்பது அந்தப் பக்கத்தெருவில். அங்கிருந்து 2 க்குள் நுழைந்தால் 4, 8, 6 என்று சுற்றலாம், மறுபடியும் 2 க்கு வரலாம். ஆனால் இம்முறை வருவது 6 இன் பக்கத்திலிருந்து. பக்கத்தெருவுக்குத் திரும்பிப் போக வழியில்லை.

"0 வந்தால் 4 போடு" என்பதன் பின்னால் இருக்கும் காரணம் இவ்வளவுதான். 2⁰ சுற்றுக்கு வெளியே நிற்கிறது, 2⁴ சுற்றுக்குள் நிற்கிறது. 7 க்கு 7⁰ உம் சுற்றுக்குள்ளேயே இருப்பதால் 0 போட்டாலும் 4 போட்டாலும் ஒரே விடைதான். அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுத்த சரி, அதிர்ஷ்டத்துக்குக் கொடுத்த சரி.

எந்த அடிகள் 1 க்குத் திரும்பும், எவை திரும்பாது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். 1, 3, 7, 9 திரும்புகின்றன. 2, 4, 5, 6, 8 திரும்புவதில்லை. 10 உடன் 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை திரும்புகின்றன. 2 ஐயோ 5 ஐயோ காரணியாகக் கொண்டவை திரும்புவதில்லை.

இப்போது சிலர் கேட்கலாம், விதி சரியான விடையைத்தானே தருகிறது, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று. எமது பாடசாலையிலேயே ஒரு மூத்த ஆசிரியர் இதைத்தான் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடைசி இலக்கத்தைப் பொறுத்தவரை அந்த விதி ஒருபோதும் பிழைக்காது. 0, 1, 5, 6 ஆகியவற்றின் சுற்று நீளம் 1. 4, 9 ஆகியவற்றுக்கு 2. 2, 3, 7, 8 ஆகியவற்றுக்கு 4. எல்லா நீளங்களும் 4 ஐ மீதியின்றி வகுக்கின்றன. ஆகவே சுட்டியை 4 ஆல் வகுத்து, மீதி 0 ஆனால் 4 ஆம் வலுவை எடுத்தால் எந்த அடிக்கும் விடை சரியாகவே வரும். டியூஷன் டியூட்களில் பெட்டி போட்டுக் கொடுத்திருப்பது பொய்யில்லை.

ஆனால் அந்தப் பெட்டி பொருந்துவது ஒரேயொரு கேள்விக்கு. கேள்வி ஒரு சொல் மாறினாலும் பிள்ளை அதே 4 ஐத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

உதாரணமாக, 3²⁰²⁴ ஐ 7 ஆல் வகுத்தால் வரும் மீதி என்ன என்று கேட்டுப் பாருங்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னும் 3²⁰²⁴ நாட்களில் என்ன கிழமை என்று கேட்டாலும் இதே கணக்குத்தான். நாம் கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர் 2024 ஐ 4 ஆல் வகுத்தார்கள். மீதி 0. ஆகவே 3⁴ = 81, அதை 7 ஆல் வகுத்தால் மீதி 4, வியாழக்கிழமை என்றார்கள். எமது பழைய அறிவுரையின்படி "0 வந்தால் 4 போடு" என்பதையும் மறக்காமல் செய்திருந்தார்கள்.

சுற்றை எழுதுவோம். ஒவ்வொரு முறையும் 3 ஆல் பெருக்கி 7 ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 3. பிறகு 9, மீதி 2. பிறகு 6. பிறகு 18, மீதி 4. பிறகு 12, மீதி 5. பிறகு 15, மீதி 1. அடுத்து மறுபடியும் 3. சுற்று 3, 2, 6, 4, 5, 1. நீளம் 6. எனவே 2024 ஐ 6 ஆல்தான் வகுக்க வேண்டும். 6 × 337 = 2022, மீதி 2. சுற்றின் இரண்டாவது எண் 2. அது செவ்வாய்க்கிழமை.

4 என்பது 10 க்கு உரியது, 7 க்கு உரியதல்ல. 7 போன்ற ஒரு முதன்மை எண்ணால் வகுக்கும்போது, அடி 7 இன் மடங்காக இல்லாவிட்டால், 6 அடி எடுத்து வைத்தால் கட்டாயம் 1 க்கு வந்து சேரலாம். பொதுவாகச் சொன்னால் முதன்மை எண்ணில் ஒன்றைக் குறைத்த அளவு. இதை பிரான்ஸைச் சேர்ந்த ஃபெர்மா 1640 இல் ஒரு கடிதத்தில் எழுதினார், நிறுவல் எதுவும் தராமல். பிற்காலத்தில் ஒய்லர் நிறுவலை வெளியிட்டார். ஆனால் 6 அடியில் வந்துவிடும் என்றால் அதற்கு முன்னர் வராது என்று பொருளில்லை. 2 இன் வலுக்களை 7 ஆல் வகுத்துப் பாருங்கள், 2, 4, 1 என்று மூன்றே அடியில் திரும்பிவிடுகிறது. 3 என்பது 6 இன் காரணி. சுற்று 6 ஆகவோ அதன் காரணியாகவோ மட்டுமே இருக்கும்.

இந்த மூன்று எண் கொண்ட சிறிய சுற்று சர்வதேச கணித ஒலிம்பியாடிலேயே வந்திருக்கிறது. 1964 ஆம் ஆண்டு மொஸ்கோவில் நடந்த போட்டியின் முதலாவது வினா அது. 2ⁿ − 1 என்பது 7 ஆல் வகுபடும்படியான n இன் நேர் நிறைவெண் பெறுமானங்கள் எல்லாவற்றையும் காண்க என்பது முதற்பகுதி. எந்த நேர் நிறைவெண் n க்கும் 2ⁿ + 1 என்பது 7 ஆல் வகுபடாது என நிறுவுக என்பது இரண்டாம் பகுதி. உலகப் போட்டி என்றதும் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். சுற்றை எழுதினால் அதில் ஒன்றுமில்லை. 2ⁿ ஐ 7 ஆல் வகுத்த மீதி 2, 4, 1 என்றே வரும். 1 ஐக் கழித்தால் 1, 3, 0. பூச்சியம் வருவது மூன்றாவது இடத்தில் மட்டும், ஆகவே n ஆனது 3 இன் மடங்காக இருக்க வேண்டும். 1 ஐக் கூட்டினால் 3, 5, 2. பூச்சியம் எங்குமே இல்லை, ஆகவே ஒருபோதும் வகுபடாது. மூன்று இலக்கம் எழுதி முடிவில்லாத எண்களைப் பற்றிய ஒரு கூற்றை நிறுவியாகிவிட்டது. "4 ஆல் வகு" என்ற பெட்டியை மட்டும் வைத்திருக்கும் பிள்ளைக்கு இந்த வினாவில் பிடிக்க ஒரு கைப்பிடிகூட இல்லை.

இன்னொரு வகைத் தவறையும் சொல்ல வேண்டும், அது திறமையான பிள்ளைகள் விடுவது. கடைசி இரண்டு இலக்கங்களைக் கேட்டால் நடப்பது அது.

2²⁰²¹ இன் கடைசி இரண்டு இலக்கங்கள் என்ன? நன்றாகச் செய்யக்கூடிய ஒரு மாணவர் பொறுமையாக எழுதிக்கொண்டே போனார். 02, 04, 08, 16, 32, 64, 28, 56, 12, 24, 48, 96, 92, 84, 68, 36, 72, 44, 88, 76, 52, 04. "சேர், 04 திரும்ப வந்திட்டு. சுற்று 20" என்றார். மிகச் சரி. பிறகு 2021 ஐ 20 ஆல் வகுத்தார், மீதி 1. பட்டியலில் முதலாவதைப் பார்த்தார். விடை 02 என்று எழுதினார்.

பிழை. 2²⁰²¹ என்பது 4 ஆல் வகுபடும். 100 உம் 4 ஆல் வகுபடுவதால், கடைசி இரண்டு இலக்கங்களால் ஆன எண்ணும் 4 ஆல் வகுபட வேண்டும். 02 வகுபடாது. எங்கே தவறியது என்றால், திரும்ப வந்தது 04, 02 அல்ல. 02 பக்கத்தெருவில் நிற்கிறது. கடைசி ஓர் இலக்கத்தில் 1 மட்டும்தான் வெளியே நின்றது. இரண்டு இலக்கங்களில் 01 உம் 02 உம் இரண்டும் வெளியே நிற்கின்றன. சுற்று தொடங்குவது 04 இல், அதாவது 2² இல். ஆகவே மீதி 1 வந்தால் 2¹ ஐப் பார்க்கக் கூடாது, ஒரு சுற்றைக் கூட்டி 2²¹ ஐப் பார்க்க வேண்டும். அது 52. விடை 52.

இங்கே "0 வந்தால் 4 போடு" என்ற விதி எந்த உதவியும் செய்யாது என்பதைக் கவனியுங்கள். மீதி 0 வரவேயில்லை, 1 வந்தும் பிழைத்தது. உண்மையான விதி மீதி 0 பற்றியதே அல்ல. சுற்று எந்த இடத்தில் தொடங்குகிறது, நான் பார்க்கும் இடம் சுற்றுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைப் பிள்ளை கேட்டுப் பழகிவிட்டால் மீதி 0 க்குத் தனி விதி எதுவும் தேவைப்படாது.

அதே 100 ஐ வைத்துக்கொண்டு 7 ஐ எடுத்தால் எல்லாம் இலகு. 07, 49, 43, 01. நான்கே அடியில் முடிந்துவிடுகிறது, வெளியே எதுவும் இல்லை. 7²⁰²⁴ இன் கடைசி இரண்டு இலக்கங்கள் 01. 2 க்கு 20, 7 க்கு 4. சுற்றின் நீளத்தை ஊகிக்கப் போகாமல் எழுதிப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

கல்குலேட்டர் பற்றி ஒரு வார்த்தை. 3⁵⁰ ஐ அழுத்தினால் 7.178979877 × 10²³ என்று காட்டும். அதன் வலது பக்க ஓரத்தில் 7 இருப்பதைப் பார்த்து கடைசி இலக்கம் 7 என்று எழுதிய பிள்ளைகள் உண்டு. அது எண்ணின் முன்பக்கத்திலிருந்து பத்தாவது இலக்கம், அதுவும் மட்டந்தட்டப்பட்டது. பின்பக்கத்தில் இருக்கும் 14 இலக்கங்களைக் கருவி காட்டவே இல்லை. 3 இன் சுற்று 3, 9, 7, 1. 50 ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 2. விடை 9. 2²⁰²⁴ ஐ அழுத்தினால் இன்னும் நல்லது, சாதாரண விஞ்ஞானக் கல்குலேட்டர் பிழை என்று சொல்லிவிடும், குறைந்தது பிள்ளையை ஏமாற்றாது. வீட்டில் கணினி இருப்பவர்கள் விடையைச் சரிபார்க்க பைதனில் இதை அடித்துப் பார்க்கலாம்:

```
pow(2, 2024, 100)
```

16 என்று வரும். மேலே எழுதிய பட்டியலில் நான்காவது இடம், 2024 ஐ 20 ஆல் வகுத்தால் மீதி 4. கடைசி இலக்கம் 6. முதலில் கண்ட விடையோடு ஒத்துப் போகிறது.

சுட்டியையும் 10 ஆல் சுருக்குவது இன்னொரு பழக்கம். 3¹³ இன் கடைசி இலக்கத்துக்கு, 13 இன் கடைசி இலக்கம் 3, ஆகவே 3³ = 27, விடை 7 என்பார்கள். 3¹³ = 1594323. விடை 3. அடியைச் சுருக்கலாம், 10 ஆல். சுட்டியைச் சுருக்குவது சுற்றின் நீளத்தால், இங்கே 4 ஆல். இரண்டும் ஒரே வேலையில்லை. அடி என்பது எங்கே நிற்கிறோம் என்பது, சுட்டி என்பது எத்தனை அடி நடந்தோம் என்பது.

பரீட்சையில் நேரம் போதாது என்ற முறைப்பாட்டை எதிர்பார்க்கிறோம். கடைசி இலக்கத்தின் சுற்றில் அதிகபட்சம் நான்கு எண்கள். எழுத அரை நிமிடம்கூட ஆகாது. 7 ஆல் வகுத்த மீதிக்கு அதிகபட்சம் ஆறு. 100 க்கு 20 வரை போகலாம், அதற்கு இரண்டு மூன்று நிமிடம் தேவைதான். அந்த நேரத்தை மிச்சப்படுத்த வழிகள் உண்டு, 4 க்கும் 25 க்கும் தனித்தனியாக மீதி பார்த்துச் சேர்ப்பது அதில் ஒன்று. ஆனால் அதை இரண்டாவது வகுப்பில் சொல்லிக் கொடுக்கலாம். முதல் வகுப்பில் பிள்ளை தன் கையால் எழுதி, எந்த எண் திரும்ப வருகிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். பத்து இலக்கங்களுக்கும் சுற்றை அச்சடித்துக் கையில் கொடுக்கும் பழக்கத்தை நாமும் வைத்திருந்தோம். இந்தத் தவணையிலிருந்து அந்த அட்டவணையைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். கொப்பியில் அவர்களே போடட்டும், அம்புக்குறியோடு.

அந்தப் பிள்ளையின் புள்ளியைப் பற்றியும் எமக்குள் வாக்குவாதம் வந்தது. முதற்பகுதிக்குக் கொடுத்த புள்ளியைக் குறைக்க வேண்டும் என்றார் ஒருவர், முறை பிழையென்றால் விடை சரியாக வந்தும் பயனில்லை என்பது அவர் வாதம். நாம் குறைக்கவில்லை. 7⁰ ஐ எடுத்தது 7 க்குப் பிழையான முறையல்ல, ஏன் பிழையல்ல என்று பிள்ளைக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாமல் இருந்ததற்குப் பொறுப்பு எமது பக்கம். மறுநாள் அவரையே பலகைக்கு அழைத்து 2 இன் அம்புக்குறிப் படத்தைப் போட வைத்தோம். 1 இலிருந்து அம்பு போட்டார், 6 இலிருந்தும் போட்டார், இரண்டும் 2 இல் வந்து சேர்ந்ததைப் பார்த்ததும் திரும்பி "அப்ப 1 க்கு ஆருமே வரமாட்டாங்களா சேர்?" என்று கேட்டார். வரமாட்டார்கள் என்றோம்.

வாசித்தவர்கள் பிள்ளைகளோடு இருந்து செய்து பார்க்க ஒன்று: 6²⁰²¹ இன் கடைசி இரண்டு இலக்கங்கள் என்ன? விடையை மட்டும் எழுதாமல், சுற்று எந்த எண்ணில் தொடங்குகிறது, வெளியே நிற்பது எது என்பதையும் கீழே எழுதுங்கள். 06 என்று வந்தவர்கள் 2²⁰²¹ பற்றி எழுதிய பகுதியை இன்னொரு தடவை வாசித்துவிட்டு எழுதுங்கள்.